வீட்டில் எடுத்துக்கொள்ளும் கேப்சிடபின் மாத்திரைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாய்வழியாகத் தரப்படும் கீமோதெரபி மருந்துகள் பல உள்ளன. ஒவ்வொன்றுக்கும் நேரமும் உணவு விதியும் ஓய்வு நாட்களும் வேறு. ஒன்றின் விதியை இன்னொன்றுக்குப் பொருத்துவதால் வரும் தவறுகளை மருந்தாளுநராக நான் அடிக்கடி பார்த்திருக்கிறேன். அதனால் பெருங்குடல், மார்பகம், இரைப்பை ஆகியவற்றில் வரும் புற்றுநோய்களுக்குப் பரவலாகத் தரப்படும் கேப்சிடபின் என்ற ஒரு மருந்தை மட்டுமே இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். மாத்திரையைப் பத்திரப்படுத்துவதும் தொடுவதும் பற்றிய பதில்கள் பெரும்பாலான கீமோ மாத்திரைகளுக்கும் பொருந்தும். வேளை, அளவு, உணவு பற்றிய பதில்கள் கேப்சிடபினுக்கு மட்டுமே உரியவை.

மாத்திரைதானே கொடுத்திருக்கிறார்கள், ஊசியை விட வீரியம் குறைவாகத்தானே இருக்கும்?

அப்படி இல்லை. கேப்சிடபின் குடலில் உறிஞ்சப்பட்டு, கல்லீரலிலும் பிறகு கட்டியின் திசுவிலும் படிப்படியாக மாறி, கடைசியில் 5-ஃப்ளூரோயுராசில் என்ற மருந்தாகிறது. இது 1950களின் இறுதியிலிருந்து நரம்பு வழியாகச் செலுத்தப்பட்டு வரும் அதே கீமோ மருந்துதான். உடலுக்குள் வரும் வழி மட்டுமே வேறு.

நடைமுறையில் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. மருத்துவமனையில் ஊசி போடுவதற்கு முன் செவிலியர் பெயரைச் சரிபார்ப்பார், அளவைச் சரிபார்ப்பார், காய்ச்சல் இருக்கிறதா, வயிறு எப்படி இருக்கிறது என்று கேட்பார், சரியில்லை என்றால் மருத்துவரை அழைப்பார். வீட்டில் ஒவ்வொரு வேளைக்கும் அந்தச் சரிபார்ப்பை நோயாளியோ கூட இருப்பவரோதான் செய்ய வேண்டியிருக்கிறது. கீழே உள்ள பதில்களில் பாதிக்கு மேல் அந்த வேலையைப் பற்றியவையே.

சீட்டில் "காலை 4, இரவு 4, 14 நாள்" என்று எழுதியிருக்கிறது. மாத்திரைப் பட்டைகளோ இரண்டு விதமாக இருக்கின்றன. எப்படி எடுப்பது?

இந்த மருந்தின் அளவு உடலின் மேற்பரப்பை வைத்துக் கணக்கிடப்படுகிறது; அந்த மேற்பரப்பை உயரத்தையும் எடையையும் கொண்டு கண்டுபிடிக்கிறார்கள். மாத்திரை 500 மில்லிகிராம், 150 மில்லிகிராம் என இரு வலிமைகளில் வருகிறது. தேவையான அளவை எட்டுவதற்கு இரண்டையும் கலந்து தருவார்கள்.

ஓர் உதாரணம் பார்ப்போம். ஒருவருக்கு ஒரு வேளைக்கு 1650 மில்லிகிராம் என்று மருத்துவர் தீர்மானித்திருக்கிறார். அது மூன்று 500-உம் ஒரு 150-உம் சேர்ந்தது. "காலை 4" என்பதற்கு இதுதான் பொருள். எந்த நான்கையும் எடுக்கலாம் என்பதல்ல. நான்கும் 500 ஆகிவிட்டால் 2000 மில்லிகிராம் உள்ளே போகும். அது ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடுதல். தலைகீழாக மூன்று 150-உம் ஒரு 500-உம் எடுத்தால் 950தான், கிட்டத்தட்ட பாதியே சேர்கிறது. இரண்டு மாத்திரைகளும் நிறத்தில் நெருக்கமாக இருக்கலாம், 150 அளவில் சிறியது. பட்டைகளின் பின்புறத்தில் தடித்த பேனாவால் "வேளைக்கு 3" என்றும் "வேளைக்கு 1" என்றும் மருந்தகத்திலேயே எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

இப்போது மொத்தக் கணக்கு. 14 நாட்களுக்கு 28 வேளைகள். ஆக, 500-இல் 84 மாத்திரைகளும் 150-இல் 28 மாத்திரைகளும் தேவை. பட்டைக்குப் பத்து வீதம் வாங்கினால் 90-உம் 30-உம் கைக்கு வரும். மிஞ்சுவது ஆறும் இரண்டும். இது சரியாக ஒரு நாளின் மருந்து! பதினைந்தாம் நாள் காலையில் பெட்டியைத் திறப்பவருக்கு அது "இன்றைக்கும் உண்டு" என்பது போலவே தோன்றும். மாத்திரை தீரும் வரை எடுக்க வேண்டும் என்று ஆன்டிபயாட்டிக்கில் பழகிய மனம் இங்கேதான் தவறு செய்கிறது. கேப்சிடபினை நிறுத்தும் நாளை நாட்காட்டிதான் தீர்மானிக்க வேண்டும். கையில் எத்தனை மாத்திரை மிச்சம் இருக்கிறது என்பதை அதற்குக் கணக்கில் எடுக்கவே கூடாது.

வழக்கமான சுற்றில் 14 நாள் மருந்துக்குப் பிறகு 7 நாள் ஓய்வு வரும். அந்த ஏழு நாட்களில்தான் எலும்பு மஜ்ஜையும் குடலின் உட்புறத் தோலும் தங்களைச் சரிசெய்துகொள்கின்றன. ஆகவே ஓய்வும் சிகிச்சையின் பகுதியே. ஊசி மருந்தும் சேர்த்துத் தரும் சில முறைகளில் முதல் வேளை முதல் நாள் இரவில் தொடங்கும்; அப்போது கடைசி வேளை பதினைந்தாம் நாள் காலையில் வரும், மொத்தம் அதே 28. கதிர்வீச்சுடன் சேர்த்துத் தரும்போது அளவும் நாட்களும் வேறாக இருக்கும். எந்த முறை என்றாலும், முதல் வேளையின் தேதியையும் கடைசி வேளையின் தேதியையும் மருத்துவமனையிலேயே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

வெறும் வயிற்றில் எடுக்க வேண்டுமா, சாப்பிட்ட பிறகா?

சாப்பிட்டு முடித்த 30 நிமிடத்துக்குள், தண்ணீருடன், முழுதாக விழுங்க வேண்டும். காலை உணவுக்குப் பின் ஒரு வேளை, இரவு உணவுக்குப் பின் ஒரு வேளை, இடையில் சுமார் 12 மணி நேரம். நிமிடம் பிசகாமல் இருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் இரு வேளைகளையும் நெருக்கிவிடக் கூடாது. மூளைக் கட்டிக்குத் தரப்படும் டெமோசோலோமைட் போன்ற மருந்துகள் பொதுவாக வெறும் வயிற்றில் எடுக்கப்படுபவை. எனவே இன்னொரு நோயாளியின் பழக்கத்தைக் கேட்டு மாற்றிக்கொள்ள வேண்டாம்.

காலை வேளையை மறந்துவிட்டேன். மதியம் ஞாபகம் வந்தது. இப்போது எடுக்கலாமா? இரவில் சேர்த்து எடுக்கலாமா?

இரவில் சேர்த்து எடுக்கவே கூடாது. தவறிய வேளையை விட்டுவிட்டு, அடுத்த வேளையை அதன் நேரத்தில், அதன் வழக்கமான அளவில் எடுங்கள்.

மேலே சொன்ன உதாரணத்தையே தொடர்வோம். அவர் காலை 8 மணிக்கும் இரவு 8 மணிக்கும் எடுப்பவர். ஆறாம் நாள் காலை வேளை தவறியது, மதியம் 2 மணிக்கு நினைவுக்கு வந்தது. அப்போது எடுத்தால் அடுத்த வேளைக்கு 6 மணி நேரமே இருக்கும். எனவே காலை வேளையை விட்டுவிடுகிறார். இரவு 8 மணிக்கு மூன்று 500, ஒரு 150, அவ்வளவுதான். குறிப்பேட்டில் ஆறாம் நாள் காலைக் கட்டத்தில் "தவறியது" என்று எழுதுகிறார். பதினான்காம் நாள் இரவோடு நிறுத்துகிறார். விட்டுப்போன வேளையைப் பதினைந்தாம் நாளுக்கு நீட்டுவதில்லை. அவரிடம் முன்பே மிஞ்சியிருந்தவற்றோடு இன்னும் நான்கு மாத்திரைகள் சேர்ந்து நிற்கும். அடுத்த முறை போகும்போது குறிப்பேட்டையும் மிச்சத்தையும் காட்டுகிறார்.

சில மருத்துவமனைகள் ஓரிரு மணி நேரத் தாமதத்துக்கு மட்டும் விலக்கு தருகின்றன. உங்கள் மருத்துவர் அப்படி எழுதிக் கொடுத்திருந்தால் அதையே பின்பற்றுங்கள். எழுதித் தராதபோது, விட்டுவிடுவதே பாதுகாப்பு. ஒரு வேளை குறைந்ததால் சிகிச்சை வீணாகிவிட்டதோ என்ற கலக்கம் பலருக்கு வருகிறது. 28-இல் ஒன்றைத் தவறவிடுவதை விட இரண்டை ஒன்றாகப் போடுவதே மிகப் பெரிய தீங்கு. ஆனால் ஒரே சுற்றில் இரண்டு மூன்று முறை தவறினால் அதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். கட்டி சுருங்கவில்லை என்று மருந்தை மாற்றும் முடிவும், அளவைக் கூட்டிக் குறைக்கும் முடிவும் நீங்கள் முழு அளவு எடுத்தீர்கள் என்ற நம்பிக்கையில்தான் எடுக்கப்படுகின்றன.

அப்பா மாத்திரை போட்ட கொஞ்ச நேரத்தில் வாந்தி எடுத்துவிட்டார். மறுபடி கொடுக்கலாமா?

கொடுக்க வேண்டாம். எவ்வளவு உறிஞ்சப்பட்டது என்பதை வெளியிலிருந்து அறிய முடியாது; வாந்தியில் மாத்திரை முழுதாகத் தெரிந்தாலும் இதே பதில்தான். அடுத்த வேளையை அதன் நேரத்தில் கொடுங்கள். 24 மணி நேரத்தில் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட முறை வாந்தி வந்தால், அடுத்த வேளையையும் கொடுக்காமல் முதலில் மருத்துவமனைக்குத் தொலைபேசியில் பேசுங்கள்.

எடுத்தேனா இல்லையா என்றே நினைவில்லை. என்ன செய்வது?

மாத்திரைகளை எண்ணுங்கள். பட்டையில் உள்ள மாத்திரைக்கு இருக்கும் பெரிய நன்மை இது. ஆறாம் நாள் இரவு சந்தேகம் வந்தது என்று வைத்துக்கொள்வோம். எந்த வேளையும் தவறவில்லை என்றால், அன்றைய இரவு வேளைக்கு முன் 11 வேளைகள் முடிந்திருக்கும். 500-இல் 33-உம் 150-இல் 11-உம் செலவாகியிருக்கும். 90-உம் 30-உமாகத் தொடங்கியவரிடம் 57-உம் 19-உம் இருந்தால் இரவு வேளை இன்னும் எடுக்கவில்லை. 54-உம் 18-உம் இருந்தால் எடுத்தாகிவிட்டது. கணக்கு இரண்டிலும் சேராமல் குழப்பமாக இருந்தால், எடுத்ததாகவே வைத்துக்கொண்டு அன்றைய வேளையை விட்டுவிடுங்கள்.

கணவர் ஒரு முறையும் மகள் ஒரு முறையும் எடுத்துக் கொடுத்ததால் ஒரே இரவில் இரு வேளை போன சம்பவத்தை நான் கேட்டிருக்கிறேன். இருவருமே அக்கறையால்தான் கொடுத்தார்கள். மாத்திரை எடுத்துத் தருபவர் ஒருவராகவே இருக்கட்டும். விழுங்கிய உடனே, கட்டிலை விட்டு நகர்வதற்கு முன், குறிப்பேட்டில் கோடு போட்டுவிடட்டும்.

தெரியாமல் இரண்டு வேளை சேர்ந்து உள்ளே போய்விட்டது. உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. காத்திருந்து பார்க்கலாமா?

காத்திருக்க வேண்டாம். அந்த நிமிடமே மருத்துவமனையை அழையுங்கள், இரவு நேரமாக இருந்தாலும் சரி. இந்த மருந்தின் தீங்கு உடனே வெளியே தெரிவதில்லை. வாய்ப்புண்ணும் வயிற்றுப்போக்கும் இரத்த அணுக்களின் சரிவும் சில நாட்கள் கழித்தே வரும். யூரிடின் ட்ரைஅசிட்டேட் என்ற நச்சுமுறி மருந்து ஒன்று இருக்கிறது. அது எல்லா இடங்களிலும் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் கடைசி வேளை எடுத்ததிலிருந்து 96 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் பயன். உடம்பு நன்றாக இருக்கும் அந்த முதல் சில நாட்கள்தான் ஏதாவது செய்யக்கூடிய நேரம்.

வயிற்றுப்போக்கு ஆரம்பித்திருக்கிறது. பாதியில் விட்டால் நோய் கூடிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. தொடரலாமா?

எவ்வளவு என்பதைப் பொறுத்தது. வழக்கத்தை விட ஓரிரு முறை கூடுதலாகப் போவது பலருக்கும் வரும்; தண்ணீர் நிறையக் குடித்துக்கொண்டு, குறித்து வைத்துக்கொண்டு, தகவல் சொன்னால் போதும். ஆனால் வழக்கத்தை விட ஒரு நாளில் நான்கு முறை கூடுதலாகப் போனாலோ, தூக்கத்திலிருந்து எழுந்து போக வேண்டியிருந்தாலோ, அடுத்த வேளையை எடுக்காமல் நிறுத்திவிட்டு அழையுங்கள். வழக்கம் என்பது அவரவருக்கு வேறு என்பதால், மருந்து தொடங்கும் முன் ஒரு நாளில் எத்தனை முறை போவீர்கள் என்பதையும் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

நிறுத்திவிட்டு அழைக்க வேண்டிய வேறு அடையாளங்களும் உண்டு: சாப்பிடவே முடியாத அளவு வாய்ப்புண், உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து வீங்கி வலிப்பது, 38 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேற்பட்ட காய்ச்சல். கை கால் பாதிப்பு எப்படித் தொடங்கும் என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. முதலில் மரத்துப்போனது போலவும் ஊசி குத்துவது போலவும் இருக்கும். பிறகு தோல் இறுகிப் பளபளக்கும். பாத்திரத்தின் சூடு கையில் அதிகமாக உறைக்கும். சட்டைப் பொத்தானைப் போடுவதே வலிக்கிறது என்று ஒருவர் சொன்னால், அவர் ஏற்கெனவே நிறுத்தியிருக்க வேண்டிய கட்டத்துக்கு வந்துவிட்டார். நெஞ்சு வலியோ மூச்சு முட்டலோ வந்தால் அழைத்துக்கொண்டிருக்காமல் நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள். இந்த மருந்து அரிதாக இதயத்தின் இரத்தக் குழாய்களைச் சுருங்கச் செய்யும்.

முதல் சுற்றின் முதல் சில நாட்களிலேயே இவை கடுமையாக வந்தால் இன்னும் எச்சரிக்கை தேவை. 5-ஃப்ளூரோயுராசிலைச் சிதைக்கும் டிபிடி என்ற நொதி சிலருக்குப் பிறவியிலேயே குறைவாக இருக்கும். அவர்களுக்கு வழக்கமான அளவே உயிருக்கு ஆபத்தாகிவிடும். ஐரோப்பிய மருந்து முகமை 2020-இல், மருந்து தொடங்கும் முன்பே இதற்கான பரிசோதனையைச் செய்யப் பரிந்துரைத்தது. உங்களுக்குச் செய்திருக்கிறார்களா என்று கேட்பதில் தவறில்லை.

உங்கள் பயத்துக்கு வருகிறேன். இரண்டு மூன்று நாள் நிறுத்தி, உடல் தேறியதும் மருத்துவர் சொல்லும் அளவில் மீண்டும் தொடங்குவது இந்தச் சிகிச்சையில் வழக்கமானதே. நிறுத்திய நாட்களின் மாத்திரைகளைப் பின்னால் சேர்த்து எடுப்பதும் இல்லை. மருத்துவமனையில் மிக மோசமான நிலையில் வந்து சேர்பவர்களில் பலர், வயிற்றுப்போக்கை நிறுத்தும் மாத்திரையையும் போட்டுக்கொண்டு, கேப்சிடபினையும் ஒரு வேளை விடாமல் தொடர்ந்தவர்கள். விடாமுயற்சி என்று நினைத்து அவர்கள் செய்ததே உடலைச் சாய்த்துவிடுகிறது.

மாத்திரைகளை எங்கே வைப்பது? குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாமா?

வேண்டாம். 30 டிகிரிக்குக் குறைவான, உலர்ந்த, வெயில் படாத அலமாரி போதும். குளியலறையிலும் சமையலறையிலும் ஈரமும் சூடும் ஏறி இறங்கும், நிறுத்திய வாகனத்துக்குள் வெப்பம் எளிதில் வரம்பைத் தாண்டும். அந்த இடங்களைத் தவிர்க்க வேண்டும். வீட்டில் மற்றவர்களின் மருந்துகள் இருக்கும் டப்பாவிலும் வைக்கக் கூடாது. மூடி போட்ட தனி டப்பா, அதன் மேல் நோயாளியின் பெயர், பூட்டக்கூடிய அல்லது குழந்தைக்கு எட்டாத உயரம், இவை மூன்றும் இருக்க வேண்டும்.

மாத்திரையைப் பட்டையிலேயே விட்டுவைப்பது எல்லா வகையிலும் நல்லது. வாரத்துக்கான கட்டப் பெட்டியில் முன்கூட்டியே பிரித்து வைத்தால், ஈரம் படுவதோடு, மாத்திரைகள் ஒன்றோடொன்று உரசித் தூள் கட்டங்களில் படியும். எண்ணிச் சரிபார்க்கும் வசதியும் போய்விடும். நோயாளிக்குக் கண் மங்கல் போன்ற காரணங்களால் அப்படிப் பெட்டி தேவைப்பட்டால், கேப்சிடபினுக்கு மட்டும் தனிப் பெட்டி வைத்து, அதை மற்ற பாத்திரங்களோடு சேர்க்காமல் கழுவ வேண்டும்.

மாத்திரை பெரிதாக இருக்கிறது, தொண்டையில் நிற்கிறது. உடைத்தோ பொடித்தோ கொடுக்கலாமா?

உடைக்கவும் பொடிக்கவும் கூடாது. மேலுறைதான் உள்ளிருக்கும் மருந்து கையிலும் காற்றிலும் படாமல் காக்கிறது. பொடித்தால் அந்தத் தூளைச் சுவாசிப்பவர் பக்கத்தில் இருக்கும் நீங்கள்தான். ஒவ்வொன்றாக, வாய் நிறையத் தண்ணீருடன், தலையைச் சற்று முன்னே குனிந்து விழுங்கிப் பார்க்கச் சொல்லுங்கள். அப்படியும் முடியாதபோது மருந்தாளுநரிடம் சொல்லுங்கள். அதற்கான வழிகளை அவர்கள் கட்டுப்பாட்டோடு செய்து தருவார்கள் அல்லது வேறு மருந்தை மருத்துவர் யோசிப்பார்.

நான்தான் அவருக்கு எடுத்துக் கொடுக்கிறேன். கையால் தொட்டால் எனக்கு ஏதாவது ஆகுமா?

முழுதான மாத்திரையை ஒருமுறை தொட்டுவிட்டதால் நோய் எதுவும் வந்துவிடாது, பயப்பட வேண்டாம். ஆனால் நீங்கள் நாளுக்கு இரு முறை, மாதக்கணக்கில் தொடப்போகிறீர்கள். இந்த மருந்து வேகமாகப் பிரியும் செல்களைத் தாக்குவது. நோயாளிக்கு அதனால் பயன் உண்டு, உங்களுக்கு எந்தப் பயனும் இல்லை. ஆகவே தொடாமலே கொடுக்கும் முறையைப் பழகிக்கொள்ளுங்கள்.

இப்படிச் செய்யலாம். இந்த வேலைக்கு மட்டும் என்று ஒரு சிறிய கிண்ணத்தை ஒதுக்குங்கள். பட்டையைப் படலம் கீழே இருக்கும்படி கிண்ணத்துக்கு மேல் பிடித்து, மேலிருந்து கட்டைவிரலால் மெல்ல அழுத்துங்கள். மாத்திரையின் நடுவில் குத்தாமல் ஓரத்தில் அழுத்தினால் படலம் கிழிந்து மாத்திரை உடையாமல் கிண்ணத்தில் விழும். நோயாளி கிண்ணத்திலிருந்து நேராக வாயில் போட்டுக்கொள்ளட்டும். பிறகு இருவரும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். நோயாளியே எடுத்துக்கொள்ள முடிந்தால் அதுதான் மிக எளிது. அவருக்குக் கையுறை தேவையில்லை, கை கழுவினால் போதும். அவர் வாயில் நீங்கள் வைத்துவிட வேண்டிய நிலை இருந்தால், ஒருமுறை பயன்படுத்தும் நைட்ரைல் கையுறை அணிந்து, வேலை முடிந்ததும் உட்புறம் வெளியே வரும்படி கழற்றிப் போட்டுவிட்டுக் கை கழுவுங்கள். கையுறை போட்டதற்காகக் கை கழுவாமல் விடுவது பலர் செய்யும் பிழை.

காலிப் பட்டையிலும் கொஞ்சம் தூள் ஒட்டியிருக்கலாம். அதைக் குழந்தைகள் விளையாட எடுக்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

மகள் கர்ப்பமாக இருக்கிறாள். அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். பரவாயில்லையா?

பார்த்துக்கொள்ளலாம், மாத்திரையையும் கழிவுகளையும் மட்டும் தொடக் கூடாது. இந்த மருந்து கருவுக்குத் தீங்கு செய்யக்கூடியது. கர்ப்பிணிகள், பாலூட்டுபவர்கள், கர்ப்பம் தரிக்க முயல்பவர்கள் ஆகியோருக்கு இந்த இரண்டு வேலைகளையும் வேறொருவர் செய்ய வேண்டும். பக்கத்தில் உட்கார்வது, சேர்ந்து சாப்பிடுவது, கையைப் பிடித்துக்கொள்வது எதற்கும் தடையில்லை.

கழிப்பறையும் துணிகளும் எப்படி? எல்லாரும் ஒரே கழிப்பறையைத்தான் பயன்படுத்துகிறோம்.

மருந்தும் அதன் சிதைவுப் பொருட்களும் பெரும்பாலும் சிறுநீரில் வெளியேறுகின்றன. எனவே மருந்து எடுக்கும் 14 நாட்களிலும், கடைசி வேளைக்குப் பின் 48 மணி நேரத்துக்கும் சற்றுக் கவனம் வேண்டும். உட்கார்ந்து சிறுநீர் கழித்தால் தெறிக்காது. ஆண்களுக்கும் இதையே சொல்கிறோம். மூடி இருந்தால் மூடிவிட்டு இரண்டு முறை தண்ணீர் விட வேண்டும், பிறகு கை கழுவ வேண்டும். இதைச் செய்தால் ஒரே கழிப்பறையை எல்லாரும் பயன்படுத்தலாம்.

வாந்தி, சிறுநீர், மலம் பட்ட துணியைக் கையுறையோடு எடுத்து, மற்ற துணிகளோடு சேர்க்காமல் தனியாக இரண்டு முறை துவைக்க வேண்டும். உடனே துவைக்க முடியாவிட்டால் கட்டிய பிளாஸ்டிக் பையில் வைக்கலாம். ஒன்றும் படாத சாதாரணத் துணிகளுக்கு இந்தப் பிரிவினை தேவையில்லை.

பேரக் குழந்தையைக் கொஞ்சலாமா? கணவன் மனைவி உறவு?

தாராளமாகக் கொஞ்சலாம், மடியில் வைத்துக்கொள்ளலாம், முத்தமிடலாம். உடலுறவின்போது, மருந்து எடுக்கும் நாட்களிலும் அடுத்த 48 மணி நேரத்திலும் ஆணுறை அணிய வேண்டும். கருத்தடை அதைவிட நீண்ட காலத்துக்குத் தேவை: மருந்து எடுப்பவர் பெண்ணானால் சிகிச்சை முடிந்து 6 மாதம் வரை, ஆணானால் 3 மாதம் வரை.

மாத்திரை கீழே விழுந்து உடைந்துவிட்டது. எப்படிச் சுத்தம் செய்வது?

துடைப்பத்தால் பெருக்கக் கூடாது, தூள் பறக்கும். கையுறை அணிந்து, ஈரமான காகிதத் துணியால் மெல்ல ஒற்றி எடுங்கள். அந்த இடத்தைச் சோப்புத் தண்ணீரால் துடைத்து, பிறகு வெறும் தண்ணீரால் துடையுங்கள். எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கட்டி, அதை இன்னொரு பையில் போடுங்கள். உடையாமல் விழுந்த மாத்திரையையும் நோயாளிக்குக் கொடுக்காமல் தனியே எடுத்து வைத்துவிட்டு, பட்டையிலிருந்து வேறொன்றை எடுத்துக் கொடுங்கள். குறிப்பேட்டில் எழுதுங்கள், இல்லையேல் எண்ணிக்கை தவறும்.

குழந்தை ஒரு மாத்திரையை விழுங்கிவிட்டதாகச் சந்தேகம் வந்தாலே, உறுதியாகும் வரை காத்திராமல், பட்டையைக் கையோடு எடுத்துக்கொண்டு அவசரப் பிரிவுக்குப் போங்கள். வாந்தி எடுக்க வைக்க முயல வேண்டாம்.

ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருக்கும் மாத்திரைகளோடு சேர்த்து எடுக்கலாமா?

முழுப் பட்டியலையும் காட்டாமல் கூடாது. மூன்றை மட்டும் இங்கே குறிப்பிடுகிறேன், ஏனென்றால் இவை கண்ணுக்குப் படாமல் தப்பிவிடுகின்றன. இரத்தம் உறையாமல் இருக்க எடுக்கும் வார்ஃபரினின் விளைவைக் கேப்சிடபின் பெரிதும் கூட்டும்; ஆபத்தான இரத்தக் கசிவு வரலாம். வலிப்புக்கு எடுக்கும் ஃபெனிட்டாயினின் அளவு இரத்தத்தில் ஏறும். மூன்றாவது, சத்து மாத்திரைகளில் இருக்கும் ஃபோலிக் அமிலம். இது கேப்சிடபினின் நச்சுத்தன்மையைக் கூட்டக்கூடியது. உடம்பு தேறட்டும் என்று உறவினர் வாங்கிவரும் சத்து மாத்திரையின் பட்டியலில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

மிஞ்சிய மாத்திரைகளை என்ன செய்வது? அடுத்த சுற்றுக்கு வைத்துக்கொள்ளலாமா?

அடுத்த சுற்றின் அளவு இரத்தப் பரிசோதனையையும் நீங்கள் சொல்லும் பக்கவிளைவுகளையும் பார்த்து மாறக்கூடியது. 1650 எடுத்தவருக்கு அடுத்த முறை குறைவாகத் தரப்படலாம். பழைய கணக்கில் எடுத்து வைத்த மாத்திரை அப்போது தவறான அளவாகிவிடும். எனவே மிச்சத்தை அதே டப்பாவில், குறிப்பேட்டோடு, மருந்து தந்த இடத்துக்கே கொண்டுபோங்கள். அவர்கள் எண்ணிப் பார்த்து, பயன்படுத்தக்கூடியதை அடுத்த சீட்டின் கணக்கில் சேர்ப்பார்கள் அல்லது வாங்கிக்கொண்டு முறைப்படி எரித்துவிடுவார்கள். கழிப்பறையிலோ தொட்டியிலோ வீட்டுக் குப்பையிலோ போடக் கூடாது. இதே நோய் உள்ள இன்னொருவருக்குக் கொடுக்கவும் கூடாது. உடைந்ததையும் கீழே விழுந்ததையும் தனிப் பையில் வைத்துக் கொண்டுபோனால் அங்கே எண்ணிக்கையும் ஒத்துப்போகும்.